கரன்ட் இல்லை, டீசல் இல்லை... ஓடை நீரை மேட்டுக்கு ஏற்றும் ‘ஹைட்ராம்’ பம்ப்: மங்கலத்தில் வேலை செய்யுமா?

தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென கரன்ட் போனால், பைப்புக்குள் ‘டம்’ என்று ஒரு அடி கேட்கும். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தும்போது அழுத்தம் எகிறுவதால் வரும் சத்தம் அது. அந்த அடியையே வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் ஹைட்ராலிக் ராம் பம்ப். 1796-ல் இதைத் தானாக இயங்கும்படி செய்தவர் பிரான்ஸின் ஜோசப் மாங்கோல்ஃபியர். ஆம், வெப்பக்காற்று பலூன் விட்ட அதே சகோதரர்களில் ஒருவர்! உத்தராகண்ட், இமாச்சல் மலைக்கிராமங்களில் இதற்கு ‘ஹைட்ராம்’ என்று பெயர்.

எப்படி இயங்குகிறது?

ஓடையிலிருந்து ஒரு இரும்பு பைப் சரிவாக இறங்கி பம்புக்கு வரும். பம்பில் உள்ள கழிவு வால்வு வழியாக முதலில் தண்ணீர் வெளியே கொட்டும். வேகம் கூடியதும் அந்த வேகமே வால்வைத் தூக்கி அடைத்துவிடும். போக வழியில்லாத தண்ணீர் முட்டி, இன்னொரு வால்வைத் திறந்துகொண்டு காற்று உள்ள உருளைக்குள் பாயும். அழுந்திய காற்று ஸ்பிரிங் மாதிரி அதைத் தள்ளி, மேலே போகும் பைப்பில் ஏற்றும். அழுத்தம் குறைந்ததும் கழிவு வால்வு தன் எடையால் திறக்கும். ‘டக், டக்’ என நிமிடத்துக்கு சுமார் 50 முறை இதுவே நடக்கும்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீர் 2 மீட்டர் கீழே விழுகிறது, அதை 12 மீட்டர் ஏற்ற வேண்டும் என வைத்துக்கொள்வோம். திறன் 60 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர்தான் மேலே போகும். மீதி 54 லிட்டர் ஓடைக்கே திரும்பிவிடும். குறைவுதான், ஆனால் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 8,640 லிட்டர்.

எங்கே சிக்கல்?

உருளையில் இருக்கும் காற்று மெல்ல மெல்ல தண்ணீரில் கரைந்துவிடும். ‘டக்’ சத்தம் சுத்தியலால் அடிப்பது போல மாறி, பைப்பே அதிர்ந்தால் காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் இணைப்புகள் உடையும். பம்பை நிறுத்தி, உருளையில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டால் மீண்டும் காற்று நிறையும். காற்றடித்த சைக்கிள் டியூபை உருளைக்குள் வைப்பவர்களும் உண்டு. சத்தமே நின்றுபோனால் இலையோ மணலோ வால்வில் சிக்கியிருக்கலாம். எடுத்துவிட்டு, வால்வைக் கையால் சில முறை அழுத்தினால் மறுபடி ஓட ஆரம்பிக்கும். கீழே இறங்கும் பைப்புக்குச் செலவைக் குறைக்க பிளாஸ்டிக் போட்டால், அது விரிந்துகொடுத்து அடியின் வேகத்தைக் குறைத்துவிடும்.

மங்கலத்தில்?

கிணறு, போர்வெல் தண்ணீருக்கு இது உதவாது. தண்ணீர் விழ வேண்டும். சமவெளியான மங்கலத்தில் அதற்கு நொய்யல் தடுப்பணை போன்ற இடம்தான் வழி. அங்கும் தண்ணீர் வழியும் நாட்களில் மட்டுமே பம்ப் ஓடும். முக்கியமான இன்னொன்று: இது தண்ணீரைச் சுத்தம் செய்யாது. சாயக்கழிவின் உப்பு ஆற்றில் இருந்தால், அதே உப்புதான் மேட்டுக் காட்டுக்கும் ஏறும். அதனால் பைப் வாங்கும் முன் ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.