வெட்டுக்கிளியின் உணவு மறுப்பும் அசாடிராக்டின் ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வேம்பு பூச்சியை விரட்டும், கிருமியைக் கொல்லும் என்னும் இரு கூற்றுகளும் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அவ்விரண்டிற்கும் அசாடிராக்டின் என்னும் ஒரே சேர்மம் காரணமாகக் காட்டப்படுவதும் உண்டு. அச்சேர்மம் எவ்வகைச் சோதனையின் வழியே கண்டறியப்பட்டது என்பதை வரலாற்று முறையில் நோக்கினால், இவ்விரு கூற்றுகளையும் தனித்தனியே நிறுவ வேண்டியிருப்பது புலனாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களத்தில் கண்ட உணவு மறுப்பு

1959ஆம் ஆண்டு சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிர்களையும் மரங்களையும் அழித்தபோது, வேப்ப மரங்கள் மட்டும் இலை குறையாமல் நின்றதை செருமானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதானும் அவருடைய குழுவினரும் வேப்பம்பருப்பை அரைத்து நீரில் கலந்து பயிர்மீது தெளித்தனர். தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் உண்ணவில்லை. இம்முடிவு 1962இல் வெளியிடப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் பூச்சிகள் நஞ்சுண்டு மடியவில்லை, உணவை மறுத்தன. அடுத்து நிகழ்ந்த வேதியியல் தேடலுக்கு வழிகாட்டியது இந்த மறுப்பே.

சோதனையே வழிகாட்டியாதல்

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் ஆகிய இருவரும் வேப்பம்விதைச் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதியையும் பாலைவன வெட்டுக்கிளிக்கு முன்வைத்துச் சோதித்தனர். சர்க்கரை ஏற்றிய தாளை வெட்டுக்கிளி விரும்பிக் கடிக்கும். அத்தாளில் சாற்றின் ஒரு பகுதியைச் சேர்த்தபின் அது கடிக்க மறுத்தால், தேடும் பொருள் அப்பகுதியில் உள்ளது என்பது பொருள். அப்பகுதியை மீண்டும் பிரித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இவ்வாறு சென்று 1968இல் அவர்கள் தனிமைப்படுத்திய சேர்மமே அசாடிராக்டின்.

இத்தகைய சோதனையில் ஒப்பீட்டுத் தாள் இன்றியமையாதது. சர்க்கரையும் கரைப்பானும் மட்டும் ஏற்றிய தாளையும் பூச்சி மறுக்குமானால், மறுப்புக்குக் காரணம் எஞ்சிய கரைப்பானோ பூச்சியின் நலக்குறைவோ ஆகலாம். அம்முடிவை ஏற்க இயலாது.

1972இல் ரஸ்கோ இச்சேர்மத்தின் வேறொரு செயலைக் காட்டினார். இதனைப் பெற்ற இளம்பூச்சிகளின் வளர்ச்சி குலைந்தது. தோலுரிப்பை இயக்கும் எக்டைசோன் என்னும் இயக்குநீரின் சுரப்பு தடைப்படுவதே இதற்குரிய காரணம் எனப் பின்னர் வந்த ஆய்வுகள் விளக்கின. எனவே தெளித்த மறுநாள் இறந்த பூச்சிகளை மட்டும் எண்ணும் ஆய்வு, இம்மருந்தின் திறனைக் குறைத்தே மதிப்பிடும்.

முடிவுகளின் எல்லை

பாலைவன வெட்டுக்கிளி மிகச் சிறிய அளவு அசாடிராக்டினையும் உணர்ந்து உணவை மறுக்கிறது. வட அமெரிக்க வெட்டுக்கிளி இனமான மெலனோப்ளஸ் சாங்குனிபெஸ் அதனைப் பொருட்படுத்தாமல் உண்கிறது. எனினும் அதன் வளர்ச்சி குலைகிறது. ஆகவே ஓரினத்தில் கண்ட உணவு மறுப்பைப் பூச்சிகள் அனைத்திற்கும் பொதுவாக்க இயலாது. மேலும், கதிரவனின் புறஊதாக் கதிர்கள் இச்சேர்மத்தை விரைந்து சிதைக்கின்றன. தமிழக உழவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிக்கச் சொல்வது இதனாலேயே.

நுண்ணுயிர் எதிர்ப்பு: வேறொரு வினா

வெட்டுக்கிளியின் மறுப்பைக் கொண்டு தேடிய ஆய்வு, பூச்சியைத் தடுக்கும் பொருளைக் கண்டடைந்தது. அப்பொருள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்கும் என்பதற்கு அச்சோதனை சான்றாகாது. வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பிடின் ஆகியவற்றை சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1942இலேயே பிரித்திருந்தார். எண்ணெயின் நுண்ணுயிர் எதிர்ப்பை ஆராய்வோர் இத்தகைய பிற கூறுகளையும் கருத வேண்டியுள்ளது.

இதற்குரிய சோதனையிலும் ஓர் இடர் உண்டு. அகார் தட்டில் நுண்ணுயிரை வளர்த்து, மருந்தைச் சுற்றித் தோன்றும் தடை வளையத்தை அளப்பது வழக்கம். அகார் நீர்த்தன்மையுடையது, எண்ணெய் அதில் எளிதிற் பரவாது. எனவே வளையம் சிறுத்திருப்பது திறன் குறைவைக் காட்டலாம்; பரவாமையையும் காட்டலாம். எண்ணெயைக் கலக்கப் பால்மமாக்கியைச் சேர்த்தால், அதனை மட்டும் இட்ட தட்டும் உடன் இருத்தல் வேண்டும்.

இவ்வேறுபாடு வழக்காடலிலும் வெளிப்பட்டது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்திற்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் வழங்கிய வேம்புக் காப்புரிமை, பயிர்ப் பூஞ்சையை வேப்பெண்ணெயால் கட்டுப்படுத்தும் முறையைப் பற்றியது; அசாடிராக்டினைப் பற்றியதன்று. 2000இல் நீக்கப்பட்ட அக்காப்புரிமைக்கான மேல்முறையீடு 2005இல் தள்ளுபடியானது.

முடிவுரை

அசாடிராக்டினின் வரலாறு, பூச்சி விரட்டலையும் நுண்ணுயிர் எதிர்ப்பையும் வெவ்வேறு சோதனைகளால் விடை காண வேண்டிய இரு வினாக்களாகக் காட்டுகிறது. ஆகவே ஓர் ஆய்வேட்டில் வேம்பின் திறன் என்று கூறுமிடத்து, சோதித்த பொருள் எண்ணெயா, விதைச்சாறா, தூய சேர்மமா என்பதும், சோதிக்கப்பட்ட உயிரினம் எது என்பதும், ஒப்பீடு எவ்வாறு அமைந்தது என்பதும் குறிக்கப்பட வேண்டும். இவை இல்லாத முடிவை மற்றோர் ஆய்வின் முடிவோடு ஒப்பிட வழியில்லை.