கூட்டலா, பெருக்கலா: ஆனந்த குமாரசுவாமியின் தாளக் கணக்கும் பார் கோடும்

கொள்ளுப்பிட்டியில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917 இல் ‘தி மியூசிக்கல் குவார்ட்டர்லி’ இதழில் இந்திய இசை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறுஆண்டு ‘சிவ நடனம்’ தொகுப்பிலும் அது இடம்பெற்றது. அதில் தாளத்துக்கு அவர் ஒதுக்கியது சில வரிகள்தான். ஐரோப்பியர் இரண்டையும் மூன்றையும் பெருக்கி எண்ணுகிறார்கள், நாம் அவற்றைக் கூட்டி எண்ணுகிறோம் என்கிறார். அவர்களுக்கு அலகு ஒரே அளவான பார். நமக்கு அலகு, ஒன்றையொன்று ஒவ்வாத பகுதிகள் சேர்ந்த ஒரு முழுச் சுற்று. அவர்கள் அழுத்தத்தால் அளக்கிறார்கள். நாம் நெடில் குறில் போன்ற கால அளவால் அளக்கிறோம், சுற்றின் தொடக்கத்தை அழுத்திக் காட்டுவதில்லை. கர்ட் சாக்ஸ் 1953 இல் உலக இசை முழுவதையும் கூட்டல் தாளம், பகுத்தல் தாளம் என்று பிரித்தபோது இந்தப் பாகுபாடு இன்னும் இறுகியது. மேலைத்தேய இசை படித்தவருக்குக் கர்நாடக இசையை ஐந்து கோட்டில் எழுதித் தர முனைகிறவர்கள் இன்றும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தச் சூத்திரம் பாதி தூரம்தான் வரும் என்பது என் வாதம்.

முதலில் அது எங்கே சரி என்று பார்ப்போம். சதுஸ்ர ஜாதி லகு ஒன்றும் துருதம் இரண்டும் சேர்ந்தது ஆதி தாளம். நான்கு, இரண்டு, இரண்டு. சமத்தில் தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அடுத்துத் தட்டு, வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. இதை 4/4 என்ற டைம் சிக்னேச்சரில் எழுதினால் ஓர் ஆவர்த்தனம் இரண்டு பாராக உடைகிறது. லகு முடியும் இடத்தில் கோடு வரும். முதல் துருதம் முடியும் இடத்தில் வராது. அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு: இரண்டாவது பாரின் தலையும் முதல் பாரின் தலையும் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன. பியானோ படித்த பிள்ளைக்கு எல்லாப் பாரின் முதல் எண்ணிக்கையும் ஒரே தகுதி உடையது. எனவே சமம் எது, துருதத்தின் தட்டு எது என்று அந்தத் தாள் சொல்வதில்லை. கல்பனைச் சுரம் பாடிவிட்டு அரை ஆவர்த்தனம் தள்ளி எடுப்பைப் பிடித்தாலும் தாளில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். இப்படி எழுதிய ஒரு பிரதியைச் சோதிக்க எளிய வழி, ஒவ்வொரு சங்கதியின் பார்களையும் எண்ணுவது. ஒற்றைப்படையில் முடிந்தால் எங்கோ நான்கு எண்ணிக்கை விழுந்திருக்கிறது. 4/4 இல் அந்த விடுபடல் தானாகத் தெரியாது. குமாரசுவாமி சொன்னபடி முழுச் சுற்றையே அலகாகக் கொண்டால் தெரியும்.

மிஸ்ர சாபிலும் அவர் பக்கமே நியாயம். 7/8 என்று போட்டால் மூன்றும் நான்கும் சேர்ந்த சாபுக்கும், நான்கும் மூன்றுமாக நடக்கும் விலோம சாபுக்கும் வேறுபாடு தெரியாது. பார்டோக் தம் பல்கேரிய நடனங்களில் செய்ததுபோல் மேலெண்ணையே 3+4 என்று பிரித்து எழுதினால் சிக்கல் தீரும். பார்டோக் அந்த வழக்கத்தை நம்மிடமிருந்து எடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டல் கணக்கு இந்தியருக்கே உரியது என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

சூத்திரம் முறிவது களையிலும் நடையிலும். ஆதி தாளத்தை இரண்டு களையில் போட்டால் எட்டு எண்ணிக்கையில் ஒவ்வொன்றும் இரட்டிக்கிறது. ஒரு களையிலேயே சதுஸ்ர நடையில் முப்பத்திரண்டு அட்சரம். திஸ்ர நடைக்கு மாறினால் எட்டு மூன்று இருபத்துநான்கு. முப்பத்தைந்து சுளாதி தாளங்களும் ஐந்து நடைகளால் 175 ஆவது பெருக்கல் அன்றி வேறென்ன? அங்கங்களை வரிசையாகக் கோக்கும்போது கூட்டுகிறோம், ஒவ்வோர் எண்ணிக்கையின் உள்ளே போகும்போது பெருக்குகிறோம். குமாரசுவாமி வரிசையை மட்டும் பார்த்தார். அவரைப் பின்பற்றி 4+2+2 என்று எழுதும் பதிப்பாசிரியர் நடை மாறும் இடத்தில் கையைப் பிசைகிறார். எண்ணிக்கையின் வேகம் மாறாமல் உட்பிரிவு மட்டும் மாறுகிறது என்பதைச் சொல்ல மேலெண்ணில் இடமில்லை. மூன்றின் தொகுப்பாகச் சுரங்களின் தலையில் 3 என்று போட்டுப் போவதே பிழையற்ற வழி. அது ஐரோப்பியப் பெருக்கல் குறியேதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சம அளவில் நாலுநாலாகப் பிரிப்பது பிற்காலப் பழக்கம், 1892 முதல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கீர்த்தனங்களை ஐந்து கோட்டில் அச்சிடத் தொடங்கிய பிறகு வந்த கண்பழக்கம் என்பார்கள். இதற்கு எதிராகக் குடுமியான்மலைக் கல்வெட்டைக் காட்ட விரும்புகிறேன். புதுக்கோட்டைப் பகுதியில் பல்லவ கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டிய அந்தச் சுரக் குறிப்பு ஏழு பிரிவாக உள்ளது. சுரங்கள் நான்கு நான்காக இடைவெளி விட்டு நிற்கின்றன. ஒரு வரிசைக்குப் பதினாறு தொகுதி. ஓர் உட்பிரிவுக்குள் எல்லாத் தொகுதிகளும் ஒரே சுரத்தில் முடிகின்றன. தாள அடையாளம் எதுவும் இல்லை. கல்வெட்டு தன்னைச் சொல்லும் பெயரில் ‘சதுஷ்பிரஹார’ என்று நான்கு அடிகளைக் குறிப்பதால், அவை வீணை நரம்பின் மீட்டு அடிகள் என்று கொள்வோர் உண்டு. நான் மறுக்கவில்லை. மீட்டாக இருந்தாலும், சம அளவான தொகுதிகளை வெற்றிடத்தால் பிரித்துக் காட்டவேண்டும் என்று கல்தச்சனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார் கோடு செய்யும் வேலையில் பாதியை அந்த இடைவெளி செய்கிறது. தொகுதியின் கடைசிச் சுரம் மாறாதிருப்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண் தொகுதியின் தலையை அன்றி முடிவைத் தேடும்படி அது எழுதப்பட்டுள்ளது. அழுத்தம் இல்லாமலும் சமப் பகுப்பு இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்றை நான் அறியேன். எழுத்தமைதி ஏழாம் நூற்றாண்டு என்கிறது. எழுதுவித்த அரசன் பெயர் கல்லில் இல்லை. ருத்திராசாரியரின் மாணவன் என்று மட்டும் வருவதால் மகேந்திரவர்மன் என்ற அடையாளம் இன்னும் ஊகமே, காலமும் அந்த அளவுக்கே உறுதி.

அழுத்தம் பற்றிக் குமாரசுவாமி சொன்னதைக் கைவிடத் தேவையில்லை. எடுப்பில் அது உதவுகிறது. தியாகராஜரின் ‘பண்டுரீதி கோலு’ போன்ற தேசாதி கீர்த்தனங்களை இன்று ஆதியில் ஒன்றரை இடம் தள்ளி எடுக்கிறோம். ஐந்து கோட்டில் ஓர் எண்ணிக்கை முழு ஓய்வு, அடுத்ததில் அரை ஓய்வு, பிறகு பாட்டு. கையில் பார்த்தால் சுண்டுவிரல் மடங்கி மோதிரவிரல் வருமுன் வாய் திறக்கிறது. மேலைத்தேயப் பயிற்சி உள்ளவர் இதைத் தாளத்துக்கு எதிரான துள்ளலாகப் படித்து அந்தச் சுரத்தைக் குத்தி ஒலிப்பார். சில பதிப்பாளர்கள் இதைத் தவிர்க்கப் பாட்டின் முதல் சுரத்தையே பாரின் தலையாக்கிக் கோட்டை நகர்த்துகிறார்கள். அப்போது பாடகர் பிழைத்துக்கொள்வார், மிருதங்கக்காரர் பாடு திண்டாட்டம். அவருடைய சமம் பாரின் நடுவே எங்கோ விழும். மோரா வந்து முடியும் இடத்தைத் தாளில் தேடவேண்டியதுதான். ஓய்வை எழுதிக் கோட்டைச் சமத்திலேயே விடுவதும், தலை என்பதற்காக அழுத்த வேண்டாம் என்று முகப்பில் ஒரு வரி சேர்ப்பதும் போதும்.

அப்படியானால் எப்படி எழுதுவது? நம் சுரதாளக் குறிப்பில் ஏற்கெனவே அங்கத்துக்கு ஒற்றைக் கோடு, ஆவர்த்தனத்துக்கு இரட்டைக் கோடு. ஐந்து கோட்டிலும் ஆவர்த்தனத்துக்கு மட்டும் முழுக்கோடு, அங்கத்துக்குப் புள்ளிக்கோடு, மேலெண் 4+2+2. அடியில் கைக்கு ஒரு வரி: தட்டு, விரல், வீச்சு. சமத்தையும் துருதத் தட்டையும் பிரித்துக் காட்டுவது இந்த வரிதான், கோடு அல்ல. முதல் ஆவர்த்தனத்தில் மட்டும் போட்டால் போதும் என்பவர்கள் உண்டு. பக்கம் திருப்பியதும் வாசிப்பவர் தொலைந்துபோவதைப் பார்த்தவன் என்ற முறையில் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் வேண்டும் என்பேன்.

சாபுக்கு மட்டும் என்னிடம் முடிவான விடை இல்லை. அது சுளாதி அங்கங்களால் ஆனதல்ல. புள்ளிக்கோடு போட அங்கமே கிடையாது. ஒன்று, நான்கு, ஆறில் தட்டுகிறவரின் கையை நம்பினால் 3+2+2. பாட்டின் சொல்லை நம்பினால் 3+4. ஒரே கீர்த்தனத்தை ஒருவர் அப்படியும் மற்றவர் இப்படியும் போடுகிறார்கள், இரண்டும் பிழையாக ஒலிப்பதில்லை.