லெக்ராஞ்சி மீதி
டெய்லர் பல்லுறுப்புக்கோவையை முதல்படியோடு நிறுத்தினால் நேரும் பிழையைச் சொல்லும் உறுப்பு: f″(c)(x−a)²/2. இங்கே c என்பது a, x இரண்டுக்கும் இடையே எங்கோ இருக்கும் எண். அதன் இடம் தெரியாததால், அந்த இடைவெளியில் |f″| எட்டும் பெரும மதிப்பையே எடுக்கிறோம்.

√102-ஐ 100-இலிருந்து கணித்தால் 10.1 கிடைக்கும். √x-இன் இரண்டாம் வகைக்கெழு −1/(4x√x). அதன் அளவு x கூடக் கூடக் குறையும். எனவே பெருமம் 100-இல்தான்: 1/4000. பிழை 0.0005-ஐத் தாண்டாது. குறி எதிர்மம் என்பதால் 10.1 சற்றே மிகை. உண்மை மதிப்பு 10.099505.

√98-க்கும் அதே 1/4000-ஐப் போடுவது மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறு. இங்கே பெருமம் 98-இல் உள்ளது. கணிப்பு 9.9, உண்மைப் பிழையோ சுமார் 0.000505, அதாவது போட்ட வரம்பையே மீறிவிட்டது. √98 தெரியாமல் 98-இல் f″-ஐக் கணிக்க முடியாதே என்றால், 81-க்கு இறங்கலாம்: வரம்பு 0.00069. சற்றுத் தளர்வானது, ஆனால் சரியானது.