முன்பே பதிவிறக்கிய கேம்: திறக்கும் நேரம் ஏன் மாறுகிறது?

புதிய வீடியோ கேம்களின் கோப்புகளை வெளியீட்டுக்குச் சில நாள்கள் முன்பே பதிவிறக்கிக்கொள்ள விற்பனைத் தளங்கள் அனுமதிக்கின்றன. வெளியீட்டு நாளில் சர்வர்கள் திணறாதிருக்கவே இந்த ஏற்பாடு. எனினும், அக்கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் குறியீடு குறித்த நேரத்தில்தான் வழங்கப்படும்.

அந்த நேரம்தான் குழப்பத்துக்குக் காரணம். 2020 டிசம்பர் 10-இல் வெளியான 'சைபர்பங்க் 2077' கணினிகளில் உலகெங்கும் ஒரே கணத்தில், கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கப்பட்டது. அப்போது இந்தியாவில் அதிகாலை 5.30 மணி, லாஸ் ஏஞ்சலிஸில் முந்தைய நாள் மாலை 4 மணி. கன்சோல்களின் இணைய அங்காடிகள் நாடுவாரியாக இயங்குவதால், அவற்றில் பெரும்பாலும் உள்ளூர் நள்ளிரவே கணக்கு. நியூசிலாந்தின் நள்ளிரவு, இந்திய நேரப்படி டிசம்பர் 9 மாலை 4.30 மணி. கணினியில் காத்திருந்தவர்களுக்கு அது 13 மணி நேர இடைவெளி.

குறியீடு கிடைத்த உடனேயே ஆடிவிடவும் முடியாது. ஸ்டீம் போன்ற தளங்களில் கோப்புகள் குறிவிலக்கம் செய்யப்பட்டு மீண்டும் வட்டில் எழுதப்படும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இதற்கு நெடுநேரம் ஆகலாம். காலியிடம் போதாவிட்டால் பணி நின்றுவிடும். பதிவிறக்க வேகம் பூஜ்யமாகவும் வட்டுப் பயன்பாடு மட்டும் உயர்ந்தும் காணப்பட்டால், நடப்பது குறிவிலக்கமே, இணைப்பில் பழுதில்லை.