அச்சரப்பாக்கமும் அக்ஷரமும்: ஒரு பெயரடைவு படுத்திய பாடு

தொண்டை நாட்டுத் தேவாரத் தலங்களுக்கு எனக்கென்று ஒரு பெயரடைவு வைத்திருக்கிறேன். தல புராணம், கல்வெட்டுத் தொகுதி, பழைய பயணக் குறிப்பு என்று எதைப் படித்தாலும் அதில் வரும் ஊர்ப்பெயரையும் சாமி பெயரையும் பக்க எண்ணோடு அதில் சேர்த்துவிடுவது வழக்கம். எந்த நூலில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுவேன், திருத்துவதில்லை. அதனால் ஒரே ஊர் நாலு இடத்தில் நாலு பெயராக உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் தேடினால் மற்ற மூன்றும் வராது. இவற்றை ஒரே வடிவத்தின் கீழ் கொண்டுவர என்ன செய்யலாம், எது வரைக்கும் போகலாம் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடம் அச்சரப்பாக்கம்தான்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே, மதுராந்தகம் தாண்டி, விழுப்புரம் போகும் ரயில் பாதையில் இருக்கிற ஊர். பேச்சில் அச்சரப்பாக்கம். தேவாரத்தில் அச்சிறுபாக்கம். இடையில் அச்சிறுப்பாக்கம், அச்சரபாக்கம் என்று ஒற்று கூடியும் குறைந்தும் எழுதுவார்கள். கோயில் சாமிக்கு ஆட்சீஸ்வரர், ஆட்சீசுவரர், ஆட்சிபுரீஸ்வரர் என்று பல பெயர். க்ஷ போட்டு ஆக்ஷீஸ்வரர் என்று எழுதுவோரும் உண்டு.

முதலில் எளிதான பாதியைப் பார்த்துவிடலாம், அதாவது கிரந்த எழுத்துகளால் மட்டும் வரும் வேறுபாடு. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ. பல்லவர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டிலேயே நடுவில் வடசொல் வந்தால் அதை மட்டும் கிரந்தத்தில் வெட்டுவது உண்டு. தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ'யைப் பார்த்தாலே தெரியும். அச்சுக் காலத்துக்கு வந்தபோது அந்த எழுத்துகளில் சில மட்டும் தமிழோடு தங்கிவிட்டன. தங்கியதை எழுதுவோர் ஒரு பக்கம், தவிர்ப்போர் ஒரு பக்கம். இரண்டு பக்கத்து நூல்களும் நம் அலமாரியில் இருக்கும்.

என் முறை இதுதான். நூலில் உள்ள வடிவத்தைத் தொடுவதில்லை. அதற்குப் பின்னால், யாரும் பார்க்காத ஒரு 'சாவி' வடிவத்தைக் கணினி உண்டாக்கிக்கொள்கிறது. தேடும் சொல்லுக்கும் அதே முறையில் சாவி செய்து, சாவியும் சாவியும் ஒத்துப்போனால் எடுத்துக் காட்டுகிறது.

```
import unicodedata
VITHI = [("க்ஷ","ட்ச"), ("ஶ","ச"), ("ஸ","ச"), ("ஷ","ச"),
         ("ஜ","ச"), ("ஹ","க"), ("சுவ","ச்வ")]
def saavi(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    for a, b in VITHI:
        s = s.replace(a, b)
    return s
```

NFC வரி ஏன் என்றால், 'கொ' என்பதில் உள்ள ொ ஒரே குறியாகவும் இருக்கலாம், ெ, ா என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. அதைவிடக் கள்ளத்தனமானது ஸ்ரீ. U+0BB8-இல் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, U+0BB6-இல் (அதாவது ஶ-வில்) தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. ஶ யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல்தான், அதற்கு முன் தட்டியவை எல்லாம் முதல் வகை. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். இந்த ஜோடியை NFC சேர்த்து வைக்காது. மேலே உள்ள விதிகள் இரண்டையும் 'ச்ரீ' ஆக்கிவிடுவதால் பிரச்சினை தீர்கிறது.

க்ஷ முதலில் இருப்பதும் காரணத்தோடுதான். அது தனி எழுத்தல்ல. க, புள்ளி, ஷ என்ற மூன்று குறிகள். ஷ-வை முதலில் மாற்றினால் லக்ஷ்மி 'லக்ச்மி' ஆகி, எந்த வடிவத்தோடும் சேராமல் நடுத்தெருவில் நிற்பாள்.

இப்போது சாமி பெயரை ஓட்டிப் பார்ப்போம். ஆட்சீஸ்வரர் 'ஆட்சீச்வரர்' ஆகிறது. ஆட்சீசுவரர் கடைசி விதியால் அதே 'ஆட்சீச்வரர்'. ஆக்ஷீஸ்வரர் முதல் விதியால் அதே. மூன்றும் ஒரே சாவி. (கடைசி விதி 'சுவர்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லையும் 'ச்வர்' ஆக்கும். பார்க்கச் சகிக்காது, ஆனால் சாவியை யார் பார்க்கப் போகிறார்கள்? அதை வேறு சொல்லோடு மோதவிடாமல் இருந்தால் போதும்.)

இந்த வேலையை 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் செய்திருக்கிறார். வடசொல் தமிழுக்கு வரும்போது எந்த எழுத்து எதுவாகும் என்று சூத்திரமே உண்டு. ஆனால் அவர் விதி சொல்லில் எழுத்து எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஷ முதலில் வந்தால் ச, ஷண்முகன் சண்முகன். இடையில் வந்தால் ட, விஷம் விடம். ஸ முதலில் ச, இடையில் த, அதனால்தான் மாஸம் மாதம் ஆனது. ஹ முதலில் நின்றால் மறைந்துவிடும், ஹரன் அரன். இடையில் க, மஹிமை மகிமை. க்ஷ இடையில் க்க, பக்ஷம் பக்கம்.

கவனித்தால், நாம் இன்று சர்வசாதாரணமாக எழுதும் 'ட்ச' இதில் இல்லை. நன்னூல் வழியில் லக்ஷ்மி இலக்குமி. நம் வழியில் லட்சுமி. கிராமத்து வாயில் லச்சுமி. ஆக ஒரே க்ஷ மூன்று வழியில் பிரிகிறது. வருஷம், வருடம், வருசம் கதையும் அதே. ஷ-வை ச ஆக்கினால் வருசம் சேரும், வருடம் வெளியே நிற்கும். ட ஆக்கினால் நேர்மாறு. சரி, ட-வும் வைத்துக்கொள்வோமே என்றால் பாஷை 'பாடை'யில் ஏறிவிடும். பழைய நூல்களில் மொழிக்குப் பாடை என்ற வடிவம் உண்மையிலேயே உண்டு. அதற்காக மொழி பற்றிய குறிப்பைத் தேடுகிறவருக்குச் சுடுகாட்டுச் சடங்கு பற்றிய பக்கங்களை நீட்டலாமா?

சரி, விதியை இன்னும் கொஞ்சம் தாராளமாக்கினால் என்ன என்று கேட்கலாம். லச்சுமி, ரச்சிப்பது, அச்சரம் எல்லாம் பேச்சில் இருக்கிறதே, ட்ச-வையும் ச்ச-வையும் ஒன்றாக்கிவிடலாமே? இங்கேதான் அச்சரப்பாக்கம் காலை வாருகிறது.

'அச்சர சுத்தமா பேசறான்' என்று சொல்கிறோம். அது அக்ஷரம், எழுத்து. ட்ச, ச்ச கலந்தவுடன் அக்ஷரம், அட்சரம், அச்சரம் மூன்றும் ஒரு சாவிக்குள் வரும், நல்லதுதான். கூடவே 'அச்சர' என்று தொடங்கும் எதைத் தேடினாலும் அச்சரப்பாக்கமும் அக்ஷரத்தின் வீட்டுக்குள் நுழைந்துவிடும். அடைவைப் பார்ப்பவர் 'ஓ, எழுத்துக்குப் பேர்போன ஊர் போல' என்று நினைக்க நன்றாக இடமிருக்கிறது. உண்மையில் ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதையே வேறு. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன் பிள்ளையாரை வணங்காமல் கிளம்பியதால் தேர் அச்சு இற்றுப்போனது. அச்சு இறு பாக்கம். அருணகிரிநாதரும் திருப்புகழில் இந்த அச்சுப் பொடியான கதையைத் தொடுகிறார். ஊரில் அச்சுமுறி விநாயகர் இருக்கிறார்.

அதே தாராள விதி சாமியையும் விடாது. ஆட்சி 'ஆச்சி' ஆகிவிடும். காட்சி காச்சி, மாட்சி மாச்சி. ட்ச வருகிற இடமெல்லாம் க்ஷ அல்ல. ஆள் என்பதிலிருந்து ஆட்சி, காண் என்பதிலிருந்து காட்சி வந்தவை, வடக்கே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் க்ஷ-வை ட்ச ஆக்குவதோடு நிறுத்திக்கொண்டேன். லச்சுமி போன்றவற்றைக் கையால் எழுதிய பட்டியலில் சேர்த்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஆக்ஷீஸ்வரர் என்று க்ஷ போட்டு எழுதுவது வெறும் எழுத்து வேறுபாடா? அக்ஷம் என்றால் வடமொழியில் தேரின் அச்சு. யாராவது அச்சுக் கதையை மனதில் வைத்து, 'அச்சுக்கு நாதர்' என்ற பொருளில் அக்ஷீஸ்வரர் என்று எழுதலாம். ஆனால் சம்பந்தர் இத்தலத்துக்குப் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு இறுதியில் வருவது ஊரை ஆட்சி கொண்டவர் என்ற செய்தி. ஆட்சீஸ்வரர் அதிலிருந்து வந்தது என்பதே எனக்கு நேராகப் படுகிறது. அப்படியானால் க்ஷ வடிவம் ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் போட்ட வடமொழிச் சட்டை. அக்ஷீஸ்வரர் என் விதியில் 'அட்சீச்வரர்' ஆகும். முதலெழுத்துக் குறில் என்பதால் 'ஆட்சீச்வரர்' உடன் சேராது. குறில் நெடிலைக் கலக்கும் விதியை நான் வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பெயருக்கும் தனித்தனிப் பதிவு, நடுவில் 'காண்க'. ஒரே சாவிக்குள் தள்ளியிருந்தால் ஆட்சியா அச்சா என்ற கேள்வியே அடைவில் இல்லாமல் போயிருக்கும்.

ஊர்ப்பெயருக்கு எந்த விதியும் உதவாது. அச்சிறுபாக்கம், அச்சரப்பாக்கம் இரண்டிலும் கிரந்தமே கிடையாது. 'இறு' தேய்ந்து 'ர' ஆனது வாயின் வேலை. இதற்காக ற-வையும் ர-வையும் ஒன்றாக்கினால் அறம் அரமாகும், மறம் மரமாகும். ஆகவே இதுவும் கைப்பட்டியல்தான். பக்கத்திலேயே இன்னொரு உதாரணம்: மஹாபலிபுரம், மகாபலிபுரம் இரண்டும் ஹ விதியால் தானாகச் சேர்ந்துவிடும். மாமல்லபுரம் சேராது, சேரவும் கூடாது, அது வேறு பெயர். பக்ஷிதீர்த்தமும் பட்சிதீர்த்தமும் ஒரே சாவி, திருக்கழுக்குன்றம் 'காண்க'. எழுத்து வேறா, பெயரே வேறா என்பதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடுகிறது.

விதி தப்பாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் விழுந்த சாவிகளை மட்டும் தனியாக எடுத்து, கண்ணால் படிப்பது. சேரக்கூடாதவை சேர்ந்திருந்தால் அங்கேயே பல்லிளிக்கும். சேர வேண்டியவை பிரிந்து நிற்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் இல்லாததை யாரும் படிக்க முடியாது. அதற்கு ஊர் ஊராகப் பார்க்கிறேன். ஒரு தலத்தின் கீழ் சாமி பெயர் ஒன்றுக்கு மேல் இருந்தால், அவை வெவ்வேறு பெயர்களா, ஒரே பெயரின் உருமாற்றமா என்று.

இப்போது என் அடைவில் தலைப்பு அச்சிறுபாக்கம் என்று இருக்கிறது, தேவார வடிவம் என்பதால். அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு பேரு அச்சரப்பாக்கம்தானே, அதை ஏன் ரெண்டாவது வரியில போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். தேடும்போது இரண்டும் ஒரே இடத்துக்கு வரும் என்று செய்து காட்டினேன். "அப்ப தலைப்பை மாத்துனாலும் ஒண்ணும் கெடாதுல்ல?" என்றார். கெடாது. சாவி மாறாது, பக்க எண் மாறாது. தலைப்பை இன்னும் மாற்றவில்லை.