பெஞ்ச்சும் பாவும்: கலப்புமொழி வசனத்தில் பொருள் நிற்கும் இடம்

தமிழ்த் திரைப்படங்களிலும் இணையத் தொடர்களிலும் வரும் ஆங்கிலக் கலப்பு வசனத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அளவைப் பற்றியே நடக்கிறது. ஆங்கிலம் மிகுந்துவிட்டது என்கிறது ஒரு தரப்பு. நகரத்து இளையோர் இப்படித்தான் பேசுகிறார்கள் என்கிறது மறு தரப்பு. இரு தரப்பும் எண்ணுவது சொற்களைத்தான். ஒரே வசனம் சென்னை இளைஞருக்கு இயல்பாகவும், சங்கரன்கோவில் திரையரங்கில் இருக்கும் தறிக்காரருக்குத் தெளிவாகவும் ஒலிக்க வேண்டுமானால், காட்சியை நகர்த்தும் செய்தி எந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இயல்பு. கலப்புப் பேச்சுக்கு இலக்கணம் உண்டு. இரு மொழிகள் கலக்கும்போது ஒன்று சட்டகமாக நிற்க, மற்றது அதற்குள் சொற்களை இடுகிறது என்று கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993இல் விளக்கினார். தமிழ்ப் பேச்சில் சட்டகம் தமிழே. ஆங்கில வினை அடிவடிவில் வந்து ‘பண்ணு’ அல்லது ‘ஆகு’ என்பதைத் துணைகொள்கிறது: ‘கட் பண்ணினான்’, ‘கட் ஆயிடுச்சு’. செய்வினையா, தானே நிகழ்ந்ததா என்ற வேறுபாட்டைத் தமிழ்த் துணைவினையே காட்டிவிடுகிறது. காலமும் அதன் பொறுப்பு. அதனால் ‘கால் பண்ணேன்’ என்பார்கள். ‘கால்ட் பண்ணேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கில இறந்தகால எச்சம் நுழையும் வழி வேறு: அது பெயரடையாகி ‘ஆ’ ஏற்று, ‘டயர்டா இருக்கு’, ‘ஸ்ட்ரெஸ்டா இருக்கு’ என்று வரும். செயற்கையான கலப்பு வசனம் பெரும்பாலும் இந்த மூட்டுகளில்தான் பிடிபடுகிறது. ‘நான் அதை டிசைட் செய்கிறேன்’ என்று எழுதினால், ஆங்கிலச் சொல் சரியாக இருந்தும் எழுத்துத் தமிழ் விகுதி பேச்சைக் கெடுத்துவிடும்.

பேசுபவரின் ஊரைச் சொல்வதும் இந்த விகுதிதான். சென்னையில் ‘அட்ஜஸ்ட் பண்றேன்’. சங்கரன்கோவில் பக்கம் ‘அட்ஜஸ்ட் பண்ணுதேன்’. ஆங்கில அடி ஒன்றுதான். எல்லா மாந்தர் வாயிலும் ‘பண்றேன்’ என்றே எழுதும் வழக்கம், நெல்லைக்காரரை ஒரே அசையில் சென்னைக்காரராக்கிவிடுகிறது. திரைக்கதைகளில் வட்டார வழக்குக்குத் தனி ஆலோசகர் வைப்பவர்கள்கூட, ஆங்கிலச் சொல் வந்ததும் அந்த வாக்கியம் வட்டாரத்துக்கு வெளியே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது தெளிவு. சிற்றூர்ப் பார்வையாளரை ஆங்கிலம் அறியாதவர் என்று கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. 2019இல் தென்காசி மாவட்டத்தின் பகுதியான சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். ‘பவர்லூம்’, ‘ஷிப்ட்’, ‘அட்வான்ஸ்’, ‘லோடு’, ‘கரண்ட் கட்’ எல்லாம் அங்கே அன்றாடச் சொற்கள். இவை வரும் வசனம் யாரையும் குழப்பாது. ‘அப்ரைசல்’ போன்ற சொல் வந்தால் அது புதியது என்பது கேட்டவுடனே தெரியும். பார்வையாளர் காட்சியைக் கொண்டு பொருளை ஊகிக்க முயல்வார். உண்மையான இடர் மூன்றாவது வகையில் இருக்கிறது: சொல் எல்லோருக்கும் தெரியும், நகரத்துப் பொருள் மட்டும் தெரியாது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ‘பெஞ்ச்ல இருக்கேன்’ என்றால் ஒதுக்கப்பட்ட பணித்திட்டம் எதுவும் இல்லாமல் சம்பளம் பெற்றுக் காத்திருப்பது. ‘பேப்பர் போட்டுட்டேன்’ என்றால் ராஜினாமா கொடுத்துவிட்டது. பெஞ்சையும் பேப்பரையும் அறியாதவர் இல்லை. அதனால் தமக்குப் புரியவில்லை என்பதே பார்வையாளருக்குத் தெரியாமல் போகிறது. இரண்டு காட்சிகள் கழித்தே கதை கைநழுவுகிறது. ஆங்கிலச் சொற்களை எண்ணிக் குறைக்கும் திருத்தம் இந்த வகையைத் தொடுவதே இல்லை.

இதற்கென எழுதிப் பார்க்கும் ஒரு காட்சி: சங்கரன்கோவிலிலிருந்து வந்து சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் பெண், அறைத்தோழியிடம் பேசுகிறாள்.

“ரெண்டு மாசமா பெஞ்ச்லதான்டி இருக்கேன். லிட்டரலி ஸ்ட்ரெஸ்டா இருக்கு. பேப்பர் போட்டுடலாம்னு பாக்குறேன்.”

பேச்சு இயல்பாகவே இருக்கிறது. ஆனால் காட்சிக்கு வேண்டிய இரு செய்திகளும், அதாவது வேலை ஒதுக்கப்படாததும் வேலையை விட நினைப்பதும், ‘பெஞ்ச்’, ‘பேப்பர்’ இரண்டின் மேலேயே நிற்கின்றன. ‘லிட்டரலி’யும் ‘ஸ்ட்ரெஸ்டா’வும் மனநிலையை மட்டும் சொல்வதால், புரியாவிட்டாலும் குரலும் முகமும் அவற்றை ஈடுசெய்துவிடும். இங்கே அவள் வாயிலேயே விளக்கம் வைத்தால் கெடும். தோழிக்குத் தெரிந்ததைத் தோழியிடம் யாரும் விளக்குவதில்லை. பொருளைப் பதிலில் வைப்பதே வழி:

“வேலைய விட்டுட்டு ஈஎம்ஐ யாரு கட்டுறது? சும்மா ஒக்காந்திருந்தாலும் சம்பளம் வருதுல்ல?”

தோழி அகராதி சொல்லவில்லை, சண்டை போடுகிறாள். ‘வேலைய விட்டுட்டு’ பேப்பரையும், ‘சும்மா ஒக்காந்திருந்தாலும் சம்பளம்’ பெஞ்சையும் திறந்துவிடுகின்றன. மறுப்பு, கேலி, கோபம் மூன்றும் பொருள்விளக்கத்தை மறைத்துச் சுமக்க ஏற்றவை. ‘அப்படீன்னா என்ன?’ என்று கேட்கும் அப்பாவி நண்பன் என்ற பழைய உத்தி இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன் வந்தாலே பாடம் தொடங்குகிறது என்று அரங்கம் அறிந்துகொள்ளும்.

அதே இரவு அவள் அப்பாவிடம் தொலைபேசியில் பேசும்போது கலப்பின் அளவு தானாகவே மாறவேண்டும். கேட்பவருக்கேற்பப் பேச்சைத் திருத்திக்கொள்வது எந்த இருமொழியாளருக்கும் இயல்பு.

“எப்பா, எனக்கு இங்க வேலையே தர மாட்டேங்காங்க. சும்மா இருக்கதுக்குச் சம்பளம் தராங்க.”

“பாவு இல்லாம தறி நிக்குத மாதிரியா? அப்ப எத்தன நாளைக்கு ஏட்டி தருவான்?”

தறியில் ஏற்றும் பாவு நூல் வராவிட்டால் தறி ஓடாது. அப்பாவின் தொழிலே விளக்கமாக வந்துவிடுகிறது. அவருடைய கேள்வியும் காட்சியை ஒரு படி முன்னே தள்ளுகிறது. மகளின் வாயில் நெல்லைச் சாயல் திரும்புவது, அவள் இரு ஊரிலும் வாழ்பவள் என்பதைத் தனியாகச் சொல்லாமலே காட்டுகிறது. இரு காட்சிகளில் ஏதேனும் ஒன்றைப் படத்தொகுப்பில் நீக்கினாலும் செய்தி தங்கும்படி எழுதியிருப்பது நல்லது. நீளம் கருதி வெட்டும்போது முதலில் போவது இத்தகைய பதில் வரிகள்தாம்.

வெளிவந்த படங்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 2010இன் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் முழு ஆங்கில வாக்கியங்கள் தயங்காமல் வருகின்றன. ஆனால் காதலர்க்கு இடையே நிற்கும் மதம், குடும்ப எதிர்ப்பு, வயது ஆகியவை கதையமைப்பிலேயே வெளிப்படை. ஆங்கிலம் பெரும்பாலும் உணர்ச்சியின் பக்கம் இருக்கிறது. 2022இன் ‘லவ் டுடே’ இன்னும் உறுதியான தளத்தில் நிற்கிறது. பெண்ணின் தந்தை காதலர் இருவரின் கைபேசிகளையும் ஒரு நாள் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். செயலிகளின் பெயர் அறியாதவருக்கும் அந்த நிபந்தனையின் ஆபத்து விளங்கும். அதன்பின் இளையோர் வழக்கு எவ்வளவு அடர்ந்தாலும் கதை நழுவுவதில்லை.

எழுதியதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. காட்சியில் உள்ள ‘ஷிப்ட்’, ‘அட்வான்ஸ்’ போன்ற அன்றாடக் கடன்சொற்களை விட்டுவிட்டு, மற்ற ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் அடித்துவிட வேண்டும். பொருள் மாறிய பழகிய சொற்களையும் சேர்த்து அடிக்க வேண்டும். எஞ்சியதை, கதை தெரியாத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டி, யார் என்ன முடிவெடுத்தார் என்று கேட்கலாம். புரிந்ததா என்று கேட்பது பயன் தராது. பெரும்பாலோர் புரிந்தது என்றே சொல்வார்கள். பதில் தவறினால், அடித்த சொல்லை மொழிபெயர்ப்பதைவிட அடுத்தவரின் பதிலைத் திருத்துவதே பேச்சைக் காப்பாற்றும்.

நகைச்சுவைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. சிரிப்பு அந்த ஆங்கிலச் சொல்லிலேயே இருந்தால், அடித்தபின் எஞ்சுவது ஒன்றுமில்லை. அத்தகைய வரியை ஒரு பகுதியினர் தவறவிடுவார்கள் என்று ஏற்றுக்கொண்டு, கதைச்செய்தி எதையும் அதில் ஏற்றாமல் விடலாம். சிரிப்பொலி அடுத்த வரியை மூழ்கடிக்கும் என்பதால், அங்கும் முக்கியமான செய்தியை வைக்காமல் இருப்பது நல்லது.