சுருள்வில் நீட்சி அட்டவணை

செங்குத்தாகத் தொங்கும் சுருள்வில்லில் எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு சுமைக்கும் வில் எவ்வளவு நீண்டது என்று எழுதிவைக்கும் பட்டியலே சுருள்வில் நீட்சி அட்டவணை. பள்ளி இயற்பியல் பயிற்சித்தாள்களில் இதை வைத்து வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். வில்லின் சுருள்மாறிலி எவ்வளவு? நீட்சி எந்தச் சுமை வரை விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது? முதல் கேள்விக்கு ஒரு வகுத்தல் போதும். இரண்டாவதற்கு அட்டவணையை நிதானமாகப் படிக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

இதற்கு அடிப்படையான விதியைக் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக். 1676இல் அதை ஓர் இலத்தீன் எழுத்துப் புதிராக வெளியிட்டார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது, அதே சமயம் விஷயமும் வெளியே போகக் கூடாது என்பதற்கு அக்காலத்தில் கையாளப்பட்ட தந்திரம் அது. விடையை 1678இல் அவரே அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. இன்று இதை F = kx என்று எழுதுகிறோம். F என்பது விசை, x என்பது நீட்சி, k என்பது சுருள்மாறிலி.

அட்டவணை

தாங்கியில் ஒரு எஃகுச் சுருள்வில் தொங்குகிறது. சுற்றுகளுக்கு இடையே சிறிது இடைவெளி உண்டு. வில்லின் அடியில் ஒரு குறிமுள்ளும் அதன் பின்னால் மில்லிமீட்டர் அளவுகோலும் உள்ளன. எடை ஏற்றியதும் ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, குறிமுள்ளின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து அளவீட்டைப் படிக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும். கீழே உள்ள சுமைகளில் எடைத்தாங்கியின் நிறையும் அடக்கம். விசையைக் கணக்கிட கிலோகிராமுக்கு 9.8 நியூட்டன் என்று கொள்ளப்பட்டுள்ளது.

| சுமை (கிராம்) | விசை (நியூட்டன்) | குறிமுள் அளவீடு (செ.மீ.) | நீட்சி (செ.மீ.) | முந்தைய வரிசையிலிருந்து கூடியது (செ.மீ.) |
|---|---|---|---|---|
| 0 | 0 | 12.0 | 0 | – |
| 100 | 0.98 | 15.9 | 3.9 | 3.9 |
| 200 | 1.96 | 19.9 | 7.9 | 4.0 |
| 300 | 2.94 | 23.8 | 11.8 | 3.9 |
| 400 | 3.92 | 27.7 | 15.7 | 3.9 |
| 500 | 4.90 | 31.6 | 19.6 | 3.9 |
| 600 | 5.88 | 36.1 | 24.1 | 4.5 |
| 700 | 6.86 | 41.8 | 29.8 | 5.7 |

பயிற்சித்தாள்களில் கடைசிப் பத்தி பெரும்பாலும் இருக்காது. மாணவரே அதை ஓரத்தில் எழுதிக்கொள்வது நல்லது. மற்ற எல்லாப் பத்திகளையும்விட அதிகம் சொல்வது அதுதான்.

மாறிலியைக் காணுதல்

500 கிராம் வரிசையை எடுத்துக்கொள்வோம். நீட்சி 19.6 செ.மீ., அதாவது 0.196 மீட்டர். 4.90ஐ 0.196ஆல் வகுத்தால் மீட்டருக்கு 25.0 நியூட்டன். வில்லை ஒரு மீட்டர் இழுக்க 25 நியூட்டன் வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் இந்த வில் ஒரு மீட்டர் வரை போகாது. ஒரு சென்டிமீட்டருக்குக் கால் நியூட்டன் என்று வைத்துக்கொள்வது உண்மைக்கு நெருக்கம்.

இங்கே நடக்கும் தவறுகள் எல்லா ஆண்டும் ஒன்றுதான். நீட்சிக்குப் பதில் குறிமுள் அளவீட்டையே வகுப்பது, சென்டிமீட்டரை மீட்டராக்க மறப்பது, கிராமை நியூட்டனாக மாற்றாமல் விடுவது. முதல் தவறு உடனே பிடிபட்டுவிடும்: அளவீட்டை வைத்து வகுத்தால் முதல் வரிசையில் 6.2, ஐந்தாவதில் 15.5 என்று விடை ஏறிக்கொண்டே போகும்.

ஒரே வரிசையை நம்பாமல் பல வரிசைகளின் சராசரியை எடுப்பது நல்ல வழக்கம். ஆனால் எந்தச் சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசிப் பத்தியில் உள்ள முதல் ஐந்து எண்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 3.92 கிடைக்கும். பார்வைக்கு ஐந்து அளவுகளின் சராசரி போலத் தோன்றினாலும், அடுத்தடுத்த வித்தியாசங்களைக் கூட்டும்போது இடையில் உள்ள அளவீடுகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மிஞ்சுவது 31.6, 12.0 என்ற முதலும் கடைசியும் மட்டுமே. இதைத் தவிர்க்க, மூன்று வரிசை தள்ளிக் கழிக்கும் முறை ஆய்வகங்களில் உண்டு. 300க்கும் 0க்கும் இடையே 11.8, 400க்கும் 100க்கும் இடையே 11.8, 500க்கும் 200க்கும் இடையே 11.7. இவற்றின் சராசரி 11.77 செ.மீ. இது 300 கிராமுக்கு, அதாவது 2.94 நியூட்டனுக்கு உரிய நீட்சி. இதிலும் மாறிலி 25.0 என்றே வருகிறது. ஆனால் இம்முறை ஆறு அளவீடுகளும் கணக்கில் பங்கு பெற்றிருக்கின்றன.

நேர்விகிதம் எங்கே நிற்கிறது

பல பயிற்சித்தாள்கள் ஒவ்வொரு வரிசைக்கும் விசையை நீட்சியால் வகுக்கச் சொல்லும். வகுத்தால் வரும் எண்கள் 25.1, 24.8, 24.9, 25.0, 25.0, 24.4, 23.0. இதைப் பார்க்கும் மாணவர் 24.4ஐ ஒரு சிறிய அளவீட்டுப் பிழை என்று விட்டுவிட்டு, 700 கிராமில்தான் மாற்றம் என்று எழுதுவார். இரண்டாவது வரிசையில் 24.8 வந்திருக்கும்போது 24.4 மட்டும் ஏன் சந்தேகத்துக்கு உரியது என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

இந்த விகிதம் தொடக்கத்திலிருந்து சேர்ந்து வந்த மொத்த நீட்சியைக் கொண்டு போடப்படுகிறது. 600 கிராமில் வில் தடம் மாறினாலும், அதற்கு முன் ஒழுங்காக நீண்ட 19.6 செ.மீ. அந்த மாற்றத்தை மூடிவிடுகிறது. விகிதம் இரண்டரை விழுக்காடுகூடக் குறையவில்லை. கூடுதல் நீட்சிப் பத்தியிலோ 3.9 என்பது 4.5 ஆகியிருக்கிறது, அது பதினைந்து விழுக்காடு உயர்வு. ஆகவே மாற்றம் எந்தப் படியில் தொடங்குகிறது என்பதை அறிய அந்தப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் 200 கிராமில் வந்த 4.0? ஒவ்வோர் அளவீட்டிலும் அரை மில்லிமீட்டர் வரை முன்பின் இருக்கலாம். இரண்டைக் கழிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் வரை தடுமாற்றம் இயல்பு. 3.9, 4.0 என்ற வேறுபாடு அதற்குள் அடங்கிவிடும், 4.5 அடங்காது. அடுத்த படியில் 5.7 என்று மாற்றம் அதே திசையில் இன்னும் பெரிதாவது இன்னொரு சான்று. அளவீட்டுப் பிழை என்றால் ஒரு படியில் கூடியது அடுத்த படியில் குறைந்து ஈடுகட்டியிருக்கும்.

விடையை எழுதும் விதமும் முக்கியம். நேர்விகித எல்லை 500 கிராம் என்று எழுதுவது சரியல்ல. 500 வரை ஒழுங்கு இருந்தது, 600க்குள் குலைந்துவிட்டது என்பதே அட்டவணை காட்டுவது. எல்லை 4.90க்கும் 5.88க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு விசையில் இருக்கிறது. இன்னும் நெருங்க வேண்டுமானால் அதே வகைப் புதிய வில்லை எடுத்து, 500 கிராமுக்கு மேல் 20 கிராம் படிகளாக ஏற்ற வேண்டும். ஏற்கெனவே எல்லை தாண்டிய வில் இதற்கு உதவாது.

வரைபடத்தில் இதே செய்தி நேர்கோட்டிலிருந்து விலகும் வளைவாகத் தெரியும். நீட்சி கிடை அச்சில் இருந்தால் கோடு வலப்புறம் சாய்ந்து படுக்கும், சாய்வு மாறிலியைத் தரும். சுமை கிடை அச்சில் இருந்தால் கோடு மேல்நோக்கி வளையும், சாய்வின் தலைகீழிதான் மாறிலி. பாடநூல்கள் இரண்டு விதமாகவும் வரைவதால் அச்சுகளின் பெயரைப் படிக்காமல் சாய்வு எடுக்கக் கூடாது. எட்டுப் புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு கோடு இழுப்பது இன்னொரு தவறு. முதல் ஆறு புள்ளிகளுக்கு மட்டுமே அளவுகோலை வைக்க வேண்டும்.

வளைவு திடீரென ஒடியாமல் மெல்லத் தொடங்குவதற்குக் காரணம் கம்பியில் இருக்கிறது. சுருள்வில்லை இழுக்கும்போது கம்பி பெரும்பாலும் முறுக்கப்படுகிறது. நீளவாக்கில் அது இழுபடுவது மிகக் குறைவு. முறுக்கு கம்பியின் மையத்தில் இல்லை, மேற்பரப்பில் மிக அதிகம். எனவே முதலில் மேலடுக்கு மட்டும் தளர்ந்துபோகிறது, உள்ளே இருக்கும் எஃகு இன்னும் பழையபடி எதிர்க்கிறது. சுமை ஏற ஏறத் தளர்ச்சி உள்நோக்கிப் பரவுகிறது. 4.5க்குப் பிறகு 5.7 வந்தது இதனால்தான்.

எடையை இறக்கும்போது

ஏற்றும்போது எடுத்த அளவீடுகளால் நேர்விகித எல்லையைச் சொல்லலாம். மீட்சி எல்லையைச் சொல்ல முடியாது. வில் பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா என்பதே மீட்சி எல்லைக்கான சோதனை, அதற்கு எடைகளை இறக்கிப் பார்த்தாக வேண்டும். மேற்கண்ட வில்லில் 700 கிராம் வரை ஏற்றி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் குறிமுள் 12.0இல் நிற்காது, 14.3இல் நிற்கும். 2.3 செ.மீ. நிலைத்த நீட்சி.

இந்த வில்லில் மறுபடியும் 300 கிராம் ஏற்றினால் குறிமுள் 26.1ஐக் காட்டும். 14.3ஐக் கழித்தால் 11.8 செ.மீ., முன்பு வந்த அதே நீட்சி. அதாவது வில் நீண்டுவிட்டது, மாறிலி மாறவில்லை. பழைய 12.0ஐயே தொடக்கமாக வைத்துக் கழித்தவருக்கு நீட்சி 14.1 என்றும் மாறிலி 20.9 என்றும் வரும். வில் இளகிவிட்டது என்று அவர் முடிவு கட்டுவார். முந்தைய வகுப்பு இழுத்துப்போட்ட வில்லே அடுத்த வகுப்புக்கும் வருவதால், சுமையில்லா அளவீட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே நேர்விகிதம் இல்லாத வில்

கடையில் கிடைக்கும் பல இழுவை வில்களில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுற்றும்போதே உள்ளே ஓர் இறுக்கம் வைக்கப்பட்டிருப்பதால், சிறிய சுமைக்கு அவை அசையவே அசையா. அந்த இறுக்கம் 0.40 நியூட்டன் என்றும் மாறிலி அதே 25 என்றும் கொள்வோம். 100, 200, 300, 400 கிராமுக்கு நீட்சி 2.3, 6.2, 10.2, 14.1 செ.மீ. வரும். விசையை நீட்சியால் வகுத்தால் 42.6, 31.6, 28.8, 27.8. விகிதம் குறைந்துகொண்டே போவதைக் கண்டு, எல்லை முதல் எடையிலேயே தாண்டிவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. படிக்குப் படி கூடியதைப் பார்த்தால் 3.9, 4.0, 3.9. வில்லில் எந்தக் கோளாறும் இல்லை. வரைபடம் நேர்கோடுதான், ஆனால் தொடக்கப் புள்ளி வழியாகப் போகாது. இங்கே பொருந்துவது F = 0.40 + 25x. மாறிலியைச் சாய்விலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இதற்கு எளிய வழி, 100 கிராம் எடைத்தாங்கியை மாட்டிவிட்டு, அந்த நிலையையே சுழியாகக் கொள்வது. சுற்றுகள் பிரிந்துவிட்ட பிறகு தொடங்குவதால் நீட்சிகள் 3.9, 7.9, 11.8 என்று நேர்விகிதத்திலேயே வந்துவிடும், மாறிலியும் கெடாது. எல்லையைச் சொல்லும்போது மட்டும் அந்த 100 கிராமைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஏற்றிய எடை 400க்கும் 500க்கும் இடையே ஒழுங்கு குலைந்தால், வில் உண்மையில் தாங்கியிருந்தது 500க்கும் 600க்கும் இடைப்பட்ட சுமை.